18.7 சதவீதமா, 7.2 சதவீதமா? ஓர் அங்கன்வாடி எடைக் கருவியில் தொடங்கும் குழப்பம்

2023 அக்டோபரில் உலகப் பட்டினிக் குறியீடு வெளியானது. 125 நாடுகளில் இந்தியாவுக்கு 111-வது இடம். அதைவிட அதிகமாகப் பேசப்பட்டது இன்னொரு எண்: ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 18.7 சதவீதம் பேர் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் மெலிந்திருக்கிறார்கள். பட்டியலில் இருந்த நாடுகளிலேயே இதுதான் அதிகம்.

மத்திய அரசு உடனே மறுத்தது. பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இதுதான்: எங்களிடம் 'போஷன் டிராக்கர்' என்ற ஆப் இருக்கிறது, அங்கன்வாடிகளில் மாதாமாதம் கோடிக்கணக்கான குழந்தைகளை அளக்கிறோம், அதன்படி மெலிவு 7.2 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

ஒரே நாடு, ஒரே வயதுக் குழந்தைகள். ஆனால் ஒரு கணக்கு மற்றதைவிட இரண்டரை மடங்கு பெரியது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கத்தான் தோன்றும். ஆனால் டி.வி. விவாதங்களை விட்டுவிட்டு, அந்த எண் பிறக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அந்த இடம் கிராமத்து அங்கன்வாடியில் இருக்கும் ஓர் எடைக் கருவியும், குழந்தையைப் படுக்க வைத்து நீளம் அளக்கும் ஒரு பலகையும்.

அங்கன்வாடி என்றால் என்ன, யார் இருப்பார்கள்?

நம்மில் பலர் 'பால்வாடி' என்று சொல்லிப் பழகியது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் என்ற பெயரில் 1975 அக்டோபர் 2-ம் தேதி, நாடு முழுக்க 33 ஒன்றியங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. எல்லாக் குடியிருப்புகளுக்கும் இது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-லிருந்து பல உத்தரவுகள் போட்ட பிறகுதான் வேகமாகப் பரவியது. இப்போது கிட்டத்தட்ட 14 லட்சம் மையங்கள் உள்ளன. சமவெளிக் கிராமங்களில் 400 முதல் 800 பேர் வரை உள்ள மக்கள்தொகைக்கு ஒரு மையம் என்பது கணக்கு.

ஒரு மையத்தில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என இரண்டே பேர். மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி, காலைச் சிற்றுண்டி, சூடான மதிய உணவு. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவுப் பாக்கெட். இதோடு தடுப்பூசி நாள் ஏற்பாடு, வீட்டுக்கு வீடு போய்ப் பார்ப்பது, ஒவ்வொரு குழந்தையையும் எடை போட்டு உயரம் அளந்து பதிவது. இவ்வளவுக்கும் பணியாளருக்கு மத்திய அரசின் கணக்கில் 2018 அக்டோபரில் நிர்ணயித்த மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் தங்கள் பங்காக மேலே கொஞ்சம் சேர்க்கும். கவனிங்க, 'சம்பளம்' இல்லை, 'மதிப்பூதியம்'. அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வார்த்தை அது.

ஒரு குழந்தை, மூன்று கேள்விகள்

குழந்தையை அளக்கும்போது உண்மையில் மூன்று வெவ்வேறு கேள்விகள் கேட்கப்படுகின்றன. வயதுக்கு ஏற்ற எடை இருக்கிறதா? இல்லையென்றால் 'எடைக் குறைவு'. வயதுக்கு ஏற்ற உயரம் இருக்கிறதா? இல்லையென்றால் 'வளர்ச்சிக் குன்றல்'. இது பல மாதங்களாக, சில சமயம் கருவிலிருந்தே, சத்து போதாமல் இருந்ததன் அடையாளம். மூன்றாவதாக, இருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? இல்லையென்றால் 'மெலிவு'. அண்மைப் பட்டினியையும் நோயையும் அதிகமாகக் காட்டுவது இந்த மூன்றாவதுதான். உயிருக்கு உடனடி ஆபத்து யாருக்கு என்று கண்டுபிடிக்க டாக்டர்கள் பார்ப்பதும் இதைத்தான்.

மூன்றுக்குமே உலக சுகாதார அமைப்பின் அட்டவணை உண்டு. அதில் மைனஸ் இரண்டு என்ற கோட்டுக்குக் கீழே போனால் மிதமான குறைபாடு. மைனஸ் மூன்றுக்குக் கீழே போனால் தீவிரக் குறைபாடு. மெலிவைப் பொறுத்தவரை களத்தில் இவற்றை 'மாம்', 'சாம்' என்று சுருக்கிச் சொல்வார்கள்.

ஒரு கற்பனைக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தின் புந்தேல்கண்ட் பகுதி, ஜனவரி மாதம், நல்ல குளிர். 23 மாதப் பெண் குழந்தை. அவளது உண்மையான எடை 8.3 கிலோ, உண்மையான நீளம் 84 செ.மீ.

முதலில் வயதுக்கேற்ற எடை. 23 மாதப் பெண் குழந்தைக்கு மைனஸ் இரண்டு கோடு 8.9 கிலோ, மைனஸ் மூன்று கோடு 8.0 கிலோ. இவள் நடுவில் இருக்கிறாள், ஆகவே மிதமான எடைக் குறைவு. பழைய முறையில் எடையை மட்டும் பார்த்திருந்தால் இதோடு முடிந்திருக்கும். அடுத்து உயரம். 84 செ.மீ. இந்த வயதுக்கு ஏறக்குறைய சரியான அளவுதான், குன்றல் இல்லை. கடைசியாக உயரத்துக்கேற்ற எடை. 84 செ.மீ. நீளமுள்ள பெண் குழந்தைக்கு மைனஸ் மூன்று கோடு 8.5 கிலோ. இவளோ 8.3. அதாவது தீவிர மெலிவு, 'சாம்'. பார்க்க ஓரளவு வளர்ந்த பிள்ளையாகத் தெரியும் இவள்தான் அந்தக் கிராமத்திலேயே அதிக ஆபத்தில் இருக்கும் குழந்தையாக இருக்கலாம்.

இப்போது அளக்கும் நாளுக்கு வருவோம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை நிற்க வைத்து அளக்கக் கூடாது. நீளப் பலகையில் படுக்க வைக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் கட்டாயம். ஒருவர் தலையை மேல் பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் ஒரு கையால் இரண்டு முழங்காலையும் மெல்ல அழுத்தி நேராக்கி, மறு கையால் நகரும் பலகையைப் பாதத்தோடு ஒட்டக் கொண்டுவந்து, மில்லிமீட்டர் வரை படிக்க வேண்டும். ஆனால் உதவியாளர் அடுப்படியில் இருக்கிறார். குழந்தை கத்துகிறது, காலை மடக்கிக்கொள்கிறது. தாய் பதறி, "தீதி, போதும், அழறா" என்கிறாள். பணியாளர் தெரிந்த அளவைக் குறித்துக்கொள்கிறார்: 81.

எடைக்கு, இருக்கும் உடையைக் கழற்ற வேண்டும். ஜனவரிக் குளிரில், கதவு சரியாக மூடாத அறையில், எந்தத் தாய் சம்மதிப்பாள்? ஸ்வெட்டர், தொப்பி, தடிமனான பேன்ட், காலில் வெள்ளிக் கொலுசு. எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ. கருவி காட்டுவது 8.8.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது பாருங்கள். 81 செ.மீ. நீளத்துக்கு மைனஸ் இரண்டு கோடு 8.7 கிலோ. பதிவான எடை 8.8. ஆகவே மெலிவு இல்லை. 'சாம்' குழந்தை ஆப்பில் பச்சை நிறமாகிவிட்டாள். ஒரு தவறு மட்டும் நடந்திருந்தால், அதாவது நீளம் மட்டுமோ எடை மட்டுமோ பிசகியிருந்தால், 'மாம்' என்றாவது வந்திருப்பாள். இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் பட்டியலிலிருந்தே காணாமல் போனாள். இதில் யாரும் பொய் எழுதவில்லை என்பதுதான் விஷயம்.

அந்த நிறம் மாறுவதால் என்ன போகிறது?

முதலில் உணவு. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்த வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கிலோகலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் அங்கன்வாடியிலிருந்து கிடைக்க வேண்டும். தீவிரக் குறைபாடு உள்ள குழந்தைக்கு 800 கிலோகலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். 2017-ல் நிர்ணயித்த செலவு வரம்பு முதலாவதற்கு நாளுக்கு 8 ரூபாய், இரண்டாவதற்கு 12 ரூபாய். நிறம் மாறினால் இந்த 300 கலோரி போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய இழப்பு, அடுத்து நடக்க வேண்டியவை எதுவும் நடக்காது. 2023 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, 'சாம்' என்று தெரிந்த குழந்தைக்கு முதலில் பசிச் சோதனை செய்ய வேண்டும். உணவைக் கொடுத்து, குழந்தை ஆர்வமாகச் சாப்பிடுகிறதா என்று பார்ப்பதுதான் அது. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் தீவிரமாக மெலிந்த குழந்தைக்குப் பசியே இல்லை என்றால், உள்ளே தொற்றோ வேறு சிக்கலோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குழந்தை ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டும், வழக்கமாக சுமார் 14 நாள் தாயோடு தங்க வேண்டும். பசி இருந்து, சிக்கலும் இல்லையென்றால் கிராமத்திலேயே கண்காணித்துத் தேற்றலாம். பச்சை நிறக் குழந்தைக்கு இந்தச் சோதனையை யாரும் செய்ய மாட்டார்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. இரண்டு பாதங்களும் நீர் கோத்து வீங்கியிருந்தால், எடை எவ்வளவு இருந்தாலும் அது தீவிரக் குறைபாடுதான். வீக்க நீரே எடையைக் கூட்டிக் காட்டும். கட்டைவிரலால் பாதத்தின் மேல் சில விநாடி அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தால் போதும். எந்த மெஷினும் இதைச் சொல்லாது.

ஏன் பிசகுகிறது?

'ட்ரெய்னிங் போதவில்லை' என்பது அலுவலகங்களில் கிடைக்கும் பதில். ஓரளவு சரிதான். ஆனால் ஒரு பணியாளரின் காலை நேரத்தைப் போய்ப் பார்த்தால் வேறு காரணங்களும் தெரியும்.

மையத்தைத் திறந்தவுடன் திறந்ததை ஆப்பில் பதிய வேண்டும், வந்த குழந்தைகளின் வருகையைப் பதிய வேண்டும். 2023 மே மாதம் தொடங்கிய 'போஷன் பீ, படாயீ பீ' திட்டப்படி தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பருவக் கல்வி நடக்க வேண்டும். மூன்று வயது, நான்கு வயது, ஐந்து வயது எல்லாம் ஒரே அறையில். கட்டைகளை அடுக்குவது, கதை சொல்வது, நிறம் பிரிப்பது. இதற்கு நடுவில் சத்துமாவு வாங்க வரும் தாய்மார்கள் வாசலில் நிற்கிறார்கள். அளக்கும் நாள் என்றால் கைக்குழந்தைகளும் வரிசையில். 40 குழந்தைகளை முறைப்படி, இருவர் சேர்ந்து, உடையைக் கழற்றி அளந்தால் ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கு வகுப்பு கிடையாது. வகுப்பு நடத்தினால் அளவு ஒழுங்காக இருக்காது. இரண்டையும் 'நடந்தது' என்று பதிய மட்டும் முடியும். நிறைய இடங்களில் நடப்பது அதுதான்.

வயதும் ஒரு சிக்கல். பிறந்த தேதி சரியாகத் தெரியாத வீடுகளில் 'ஜனவரி 1' என்றோ 'மாதத்தின் 15-ம் தேதி' என்றோ பதிவாகிவிடும். வயது இரண்டு மூன்று மாதம் தவறினால் எடைக் குறைவு, குன்றல் இரண்டின் கணக்கும் மாறிவிடும். மெலிவுக் கணக்குக்கு மட்டும் வயதே தேவையில்லை, எடையும் உயரமும் போதும். அதனால்தான் அது ஒரு வகையில் நம்பகமானது. ஆனால் முன்னே பார்த்தபடி, இரண்டு கருவிகளின் பிழையும் அதில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'சாம்' குழந்தை ஒன்று பட்டியலில் ஏறினால் பணியாளருக்கு வேலை கூடும். வாரம்தோறும் பின்தொடர வேண்டும். மருத்துவமனைக்குப் போகச் சொல்லி, கூலி வேலையை விட்டு வர முடியாத தாயிடம் கெஞ்ச வேண்டும். மாதக் கூட்டத்தில் "உன் சென்டரில் மட்டும் ஏன் இத்தனை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 8.4 என்றும் இல்லாமல் 8.6 என்றும் இல்லாமல் முள் ஆடும்போது, எந்தப் பக்கம் எழுதுவது என்பதை அந்தக் கேள்வியும் கொஞ்சம் தீர்மானிக்கிறது.

சூப்பர்வைசர் எதைப் பார்க்க வேண்டும்?

பொதுவாக 20 முதல் 25 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். அவருக்கு மேலே ஒன்றிய அளவில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர். பல மாநிலங்களில் சூப்பர்வைசர் பணியிடங்கள் காலியாக இருப்பதால் ஒருவரே இரண்டு செக்டாரைச் சுமப்பதும் உண்டு. மையங்களுக்கு இடையே பஸ் கிடையாது, தேர்தல் வேலை, சர்வே வேலை வேறு. ஆகவே மையத்துக்குப் போகும்போது கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஸ்டாக் ரெஜிஸ்டரும் வருகைப் பதிவும்தான் பார்க்கப்படும். மூட்டை எண்ணுவது எளிது.

ஆனால் அளவுப் பதிவில் தவறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள பெரிய புள்ளியியல் அறிவு வேண்டியதில்லை. நான் பேசிப் பார்த்த, அனுபவமுள்ளவர்கள் முதலில் பார்ப்பது கடைசி இலக்கத்தை. எடைகள் எல்லாம் 9.0, 9.5, 10.0 என்று முடிந்தால் அவை அளந்தவை அல்ல, கண் மதிப்பு. உயரங்கள் எல்லாம் 80, 85, 90 என்றிருந்தாலும் அப்படித்தான். உண்மையில் அளந்தால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஏறக்குறைய சமமாகச் சிதறிக் கிடக்க வேண்டும்.

அடுத்து, ஒரே குழந்தையின் மூன்று மாதப் பதிவு. எல்லாக் குழந்தைகளும் மாதாமாதம் சரியாக 200 கிராம் ஏறியிருந்தால் போன மாத எண்ணோடு கூட்டி எழுதியிருக்கிறார்கள். குழந்தைகள் அப்படி வளர்வதில்லை. வயிற்றுப்போக்கு வந்த மாதம் இறங்கும், அறுவடை மாதம் ஏறும். எடை இறங்குவது இயல்பு. உயரம் இறங்குவதோ நடக்கவே நடக்காத விஷயம். போன மாதம் 84, இந்த மாதம் 82 என்றிருந்தால் இரண்டில் ஒன்று தவறு.

இதற்கெல்லாம் மேல் ஒரு வழி இருக்கிறது: ஐந்து குழந்தைகளை வரவழைத்து, சூப்பர்வைசரே பணியாளரோடு சேர்ந்து மறுபடி அளப்பது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து அளந்தார்களா, கீழே உள்ள குழந்தையை நிற்க வைத்து அளந்தார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஒரே குழந்தை படுத்திருக்கும்போது நிற்பதைவிட சுமார் 0.7 செ.மீ. நீளமாக இருக்கும். அட்டவணைகள் அதைக் கணக்கில் கொண்டே போடப்பட்டவை. இப்படி மறு அளவு எடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால் போய்வந்ததற்கு ஆப்பில் டிக் கிடைப்பது போல, இதற்குத் தனியாக யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

ரெஜிஸ்டரிலிருந்து போனுக்கு

முன்பு ஒவ்வொரு மையத்திலும் 11 பதிவேடுகள் இருந்தன. குடும்பக் கணக்கெடுப்பில் தொடங்கி, உணவு இருப்பு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி என்று போய், பதினோராவதாக எடைப் பதிவேடு. 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் வந்தது. எடையையும் உயரத்தையும் போட்டால் போதும், அட்டவணையைப் பார்த்து நிறம் சொல்வது ஆப்பின் வேலை. இது உண்மையான முன்னேற்றம். மூன்று அட்டவணைகளில் விரல் வைத்துத் தேடிய காலத்தில் கணக்கிலேயே நிறையப் பிழை வரும்.

ஆனால் தொடக்கம் சுமுகமாக இல்லை. அரசு கொடுத்த போன்கள் சூடாகின்றன, தொங்கிவிடுகின்றன, ஆப்பில் தங்கள் மொழியில் பதிய முடியவில்லை என்று சொல்லி 2021-ல் மகாராஷ்டிராவில் அங்கன்வாடிப் பணியாளர்கள் பெருமளவில் போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். மொழிகள் பிறகு சேர்க்கப்பட்டன. நெட்வொர்க் இல்லாத ஊர்களில், நோட்டில் எழுதிவைத்து மாலையில் ஏதாவது மேட்டில் நின்று பதிவது இன்றும் உண்டு. ஆக, ஆப் வந்த பிறகும் நோட்டு போகவில்லை. இரட்டை வேலை.

2025 ஜூலை 1 முதல் சத்துமாவுப் பாக்கெட் வாங்க முகத்தை ஸ்கேன் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. பாக்கெட் உரியவருக்குத்தான் போகிறதா, இல்லாத பெயரில் கணக்கு எழுதப்படுகிறதா என்பதைப் பிடிக்க இது வந்தது. நியாயமான கவலைதான். ஆனால் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும், ஓ.டி.பி. வரும் போன் கையில் இருக்க வேண்டும். அந்தப் போன் பெரும்பாலும் வேலைக்கு வெளியூர் போன கணவரிடம் இருக்கும். என் பார்வையில் இதைவிட அடிப்படையான குறை வேறு. பாக்கெட்டை யார் வாங்கினார் என்பதை முகம் வரை சரிபார்க்கும் இந்த அமைப்பு, குழந்தையின் நீளம் 81-ஆ 84-ஆ என்பதைச் சரிபார்ப்பதே இல்லை.

அப்படியானால் 18.7 சரியா, 7.2 சரியா?

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21-ல் எடுத்த கணக்கில் குன்றல் 35.5 சதவீதம், எடைக் குறைவு 32.1, மெலிவு 19.3. பட்டினிக் குறியீட்டின் 18.7 இந்த வகை மாதிரி ஆய்விலிருந்து வருவது. போஷன் டிராக்கரை வைத்து 2024-ல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன எண்களில் குன்றல் சுமார் 36 சதவீதம், எடைக் குறைவு சுமார் 17, மெலிவு சுமார் 6.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குன்றல் ஏறக்குறைய ஒன்றுதான். எடைக் குறைவு பாதி. மெலிவு மூன்றில் ஒன்று. குழந்தைகள் எல்லா வகையிலும் தேறியிருந்தால் மூன்றுமே குறைந்திருக்க வேண்டும்.

காலை மடக்கிய குழந்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் குறைத்துப் பதிவானால் குன்றல் கூடும், மெலிவு குறையும். ஸ்வெட்டரோடு எடை போட்டால் எடைக் குறைவும் மெலிவும் சேர்ந்து குறையும். இரண்டு பிழையும் பரவலாக நடந்தால் கிடைக்கும் வடிவம், டிராக்கர் காட்டும் வடிவத்தோடு பொருந்துகிறது. ஆனால் பொருந்துவதாலேயே அதுதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. வேறு காரணங்களும் இருக்கின்றன. டிராக்கரில் வருவது அங்கன்வாடியில் பதிவாகி, அளக்கும் நாளில் ஊரில் இருந்த குழந்தைகள். செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போன குழந்தையும், காய்ச்சலில் வீட்டில் கிடக்கும் குழந்தையும் அதில் வருவதில்லை. மெலிந்திருக்க வாய்ப்பு அதிகமுள்ளவர்கள் அவர்கள்தான்.

மறுபக்கமும் ஒரு நியாயம் உண்டு. மாதிரி ஆய்வுக் குழுவும் மனிதர்கள்தான். அவர்களுக்கும் அளவு கூடக்குறையப் பிசகும். அப்படி இரண்டு பக்கமும் சிதறும் பிழை, சராசரியை மாற்றாவிட்டாலும், கோட்டுக்குக் கீழே விழும் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். ஆய்வு நடந்த காலத்தின் நடுவில் கொரோனா வேறு. எனவே 19 என்பதும் கல்வெட்டு இல்லை. ஆனாலும் 19-க்கும் 6-க்கும் இடையிலான தூரத்தை அது மட்டுமே விளக்காது.

இரண்டு ஆவணங்களின் வேலையும் வேறு என்பதை இந்தச் சண்டையில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். மாதிரி ஆய்வு நாட்டின் நிலையைச் சொல்லும், எந்தக் குழந்தை என்று சொல்லாது. அங்கன்வாடிப் பதிவு நாட்டின் சராசரிக்காக உருவானதே இல்லை. எந்த வீட்டுக் குழந்தைக்கு இந்த வாரம் கூடுதல் உணவு வேண்டும், யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லத்தான் அது. அதை டெல்லியில் வாதாடும் ஆதாரமாக மாற்றியதும், கீழே இருப்பவர்களுக்கு 'குறைந்த எண்தான் நல்ல எண்' என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நம் 23 மாதக் குழந்தைக்கே வருவோம். இரண்டு வாரம் கழித்து சூப்பர்வைசர் மேடம் வருகிறார், வெயில் ஏறிய மதியம். ஐந்து குழந்தைகளை மறுபடி அளக்கிறார்கள். உதவியாளர் தலையைப் பிடிக்க, மேடம் முழங்காலை அழுத்த, 84 வருகிறது. ஸ்வெட்டரும் கொலுசும் தாயின் மடியில். எடை 8.3. அன்று மாலையே பசிச் சோதனை நடக்கிறது, மறுநாள் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். பணியாளர் புதிய எண்களை ஆப்பில் போடுகிறார். திரையைப் பொறுத்தவரை அந்தக் குழந்தை இரண்டே வாரத்தில் 3 செ.மீ. வளர்ந்து, அரைக் கிலோ இளைத்து, பச்சையிலிருந்து சிவப்புக்குப் போயிருக்கிறாள். ஒன்றியப் பட்டியலில் அந்த மையத்துக்கு நேரே 'சாம்' எண்ணிக்கை 0-விலிருந்து 1 ஆகிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் பணியாளர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.